ஒரு ஷிப்மென்ட்டும் மூன்று நன்றிக் கடிதங்களும்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நான் சீனியர் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கும் எங்கள் தொழிற்கூடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, நூல் வாங்குவது முதல் லாரியில் பெட்டி ஏற்றுவது வரை ஓர் ஆர்டரின் பின்னாலேயே ஓடுவதுதான் வேலை. இதில் என் கையால் நான் செய்வது மிகக் குறைவு. துணி வெட்டுவது ஒருவர், தைப்பது ஒருவர், அடுக்குவது ஒருவர். எனக்கு அதிகாரம் இல்லாத இடங்களில் போய்க் கேட்டுக் கேட்டுத்தான் காரியம் நடக்கிறது. எனவே யாருக்காவது நன்றி எழுதாமல் ஒரு வாரம் போவது அரிது. பெரும்பாலும் ஒற்றை வரியோடு முடிந்துவிடும். முடியாமல் போன ஒரு தடவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்த முறை ஒரே சம்பவத்துக்காக ஜி.எம்.முக்கும், எனக்குச் சமமான பதவியில் இருக்கும் அக்காவுக்கும், என்னிடம் வேலை கற்கும் தம்பிக்கும் தனித்தனியாக எழுதினேன். பெயர்களைத் தவிர்த்துவிட்டேன், மற்றவற்றை நடந்தபடியே சொல்கிறேன்.

நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். யார் என்ன செய்தார் என்பது சரியாகத் தெரியாமல் நன்றியின் தொனியைப் பற்றிப் பேச முடியாது.

ஐரோப்பிய பையர் ஒருவருக்கு 9,600 குழந்தைகள் டி-ஷர்ட்டுகள். மூன்று நிறங்கள், நான்கு அளவுகள், பெட்டிக்கு 24 உருப்படிகள், மொத்தம் 400 பெட்டிகள். அவற்றில் நீல நிறத்துக்கு 150. ஒவ்வொரு பெட்டியிலும் சின்ன அளவிலிருந்து பெரிய அளவு வரை 4, 8, 8, 4 என்று வைக்க வேண்டும். முதலில் வந்த ஆர்டர் தாளில் இது 4, 4, 8, 8 என்று இருந்தது. பையர் பிறகு மாற்றினார். துணி வெட்டியது புதிய கணக்கின்படி. ஆனால் நீல நிறத்துக்கான பேக்கிங் மேசையில் பழைய பேக்கிங் லிஸ்ட் இருந்தது. அதை யார் எடுத்திருக்க வேண்டும் என்பது வேறொரு கூட்டத்தில் பேசி முடித்த விஷயம்.

மறுநாள் காலை பையரின் சார்பில் இன்ஸ்பெக்‌ஷன். அதற்கு வரும்போது உருப்படிகள் முழுவதும் தயாராகவும், குறைந்தது 80 சதவீதம் பெட்டியில் அடைத்தும் இருக்க வேண்டும். முந்தின நாள் மதியம் எங்கள் டிரெயினி தம்பி பேக்கிங் பக்கம் போனான். நீல நிறத்தில் பெரிய அளவு வைத்திருந்த ரேக் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. இரண்டாவது அளவு குவிந்து கிடந்தது. அவன் நின்று எண்ணினான். அடைத்து முடித்தவை 60 பெட்டிகள், பாக்கி 90. பாக்கிப் பெட்டிகளுக்குப் பெரிய அளவில் 360 வேண்டும், இருந்ததோ 120. எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலே என்னிடம் ஓடி வந்தான்.

அறுபது பெட்டிகளையும் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் பெரிய அளவு நான்கை எடுத்துவிட்டு இரண்டாவது அளவு நான்கை வைத்து மூட வேண்டும். ஒட்டிய டேப்பைக் கிழித்தால் பெட்டியின் மேல்தாள் அச்சோடு உரிந்து வந்துவிடும். ஆகவே புதுப் பெட்டிகளும் வேண்டும். எங்கள் மேசையில் மீதி 90 பெட்டிகளுக்கான வேலை அப்படியே நின்றது. பக்கத்து மேசை அன்று மாலை அக்காவின் ஆர்டருக்கு ஒதுக்கப்பட்டது. நான் போய்க் கேட்டதும் மேசையையும் பன்னிரண்டு ஆட்களையும் தந்தார். அதனால் அவருடைய ஆர்டர் ஒரு நாள் தள்ளியது.

ஜி.எம்.மிடம் போனபோது அங்கே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் தெரியும் பெட்டிகளை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றவற்றை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பிறகு மெதுவாகப் பிரிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அறுபதையும் இன்றே பிரியுங்கள்” என்று சொல்லி, ஓவர்டைமுக்கும் புதுப் பெட்டிகளுக்கும் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர்கள் வழக்கமாகப் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அத்தனை பெட்டிகளைத் தாங்களே பொறுக்குவார்கள், 400க்கு 20. நானூறில் அறுபது தவறாக இருக்கும்போது பொறுக்கிய இருபதில் ஒன்றுகூட அதில் சிக்காமல் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூட வராது. அந்தக் கணக்கை அவர் போட்டாரா, அனுபவத்தில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இரவு பத்து மணிக்கு வேலை முடிந்தது. மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்.

அன்று இரவு வீட்டுக்குப் போகும் முன் பொதுவாக ஒரு நன்றியை எழுதி வைத்தேன். “இன்றைய நெருக்கடியில் உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இது சாத்தியமாகியிருக்காது. இந்த ஆதரவு தொடரட்டும்.” இதை அனுப்பவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்தால் இதில் 60 பெட்டிகளும் இல்லை, ரேக்கும் இல்லை, தள்ளிப்போன ஆர்டரும் இல்லை. சங்கத் தேர்தலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கூட இது பொருந்தும். ‘ஒத்துழைப்பு’ என்ற பொதுச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருந்தன. ஜி.எம். தந்தது ஒரு முடிவு. அக்கா தந்தது அவருக்குச் சேர வேண்டிய ஒரு நாள். தம்பி தந்தது கவனம். அன்று இரவே மூன்றாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். தொனி பதவியைப் பொறுத்து மட்டும் மாறுவதில்லை, தந்த பொருளைப் பொறுத்தும் மாறுகிறது என்பது எழுதும்போதுதான் தெளிவாயிற்று.

முதலில் அக்காவுக்கு அனுப்பினேன். அதுவும் அன்று இரவே, இன்ஸ்பெக்‌ஷன் முடிவு தெரிவதற்கு முன்பே. வேண்டுமென்றே அப்படிச் செய்தேன். முடிவு வந்த பிறகு நன்றி சொன்னால் அது பாஸ் ஆனதற்கான நன்றியாகிவிடுகிறது. ஒருவேளை பாஸ் ஆகாமல் போயிருந்தால்? அவர் ஒரு நாளை இழந்தது இழந்ததுதான். சமமானவர்களுக்குச் சொல்லும் நன்றி வெற்றிக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

இந்தச் செய்தியில் தொனியைப் பிடிக்க நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் ஆனது. முதல் வடிவம் இப்படி இருந்தது: “தங்கள் பேக்கிங் மேசையையும் பணியாளர்களையும் அளித்து உதவியமைக்கு மிக்க நன்றி.” இலக்கணப்படி குறையில்லை. ஆனால் தினமும் மதியம் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் டிபன் பாக்ஸிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். அவரிடம் போய் ‘தங்கள்’, ‘அளித்து’, ‘உதவியமைக்கு’ என்று எழுதினால், நமக்குள் ஏதோ மனத்தாங்கல் வந்துவிட்டது போலிருக்கிறதே என்றுதான் அவர் நினைப்பார். மேலதிகாரியிடம் மரியாதையாகத் தெரியும் அதே நடை, சமமானவரிடம் விலகலாகத் தெரிகிறது.

அதை அழித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனேன். “அக்கா இருக்கும்போது எனக்கு என்ன கவலை! எப்போதும் கைகொடுக்கிற தெய்வம் நீங்கள்.” இது இன்னும் மோசம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உள்ளே பார்த்தால், இனிமேலும் நான் வந்து கேட்பேன், நீங்கள் தர வேண்டும் என்ற உரிமையைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அக்கா என்று அழைக்கும் பழக்கத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘அக்காதானே’ என்ற நினைப்பில் கடன் கணக்கில் ஏறுவதே இல்லை. அவர் என்னைவிட வயதில் மூத்தவர், பதவியில் சமமானவர், அவருக்கும் ஒரு பையர், அவருக்கும் ஒரு தேதி. அந்தத் தேதியை எனக்காக மாற்றினார் என்பதைச் சொல்லாமல் எத்தனை அன்பைக் கொட்டினாலும் அது நன்றியாகாது.

அனுப்பியது இது:

“அக்கா, இன்று உங்கள் மேசையையும் பன்னிரண்டு பேரையும் எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். உங்கள் ஆர்டர் இதனால் ஒரு நாள் தள்ளுகிறது, நாளை காலை பையர் ஆபீஸுக்கு நீங்கள்தான் போன் செய்து பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். நாளை இன்ஸ்பெக்‌ஷன் எப்படிப் போனாலும் நீங்கள் செய்த உதவி பெரிது. வரும் செவ்வாய் என் பேக்கிங் மேசையும் ஆட்களும் உங்களுக்கு. பிளானிங்கில் எழுதச் சொல்லிவிட்டேன். தேதி ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம். ரொம்ப நன்றி அக்கா.”

செவ்வாய்க்கிழமை என்ற இடம்தான் இதில் முக்கியம். முதலில் அங்கே “உங்களுக்கு எப்போது என்ன தேவைப்பட்டாலும் தயங்காமல் கேளுங்கள்” என்று எழுதியிருந்தேன். கேட்பது என்ற வேலை அப்போது அவர் தலையில் போய் விழுகிறது. நல்ல மனிதர்கள் கேட்க மாட்டார்கள். வாக்கு அப்படியே காய்ந்துபோகும். என்ன, எப்போது என்று இரண்டையும் நானே குறித்து, பிளானிங் ஆளிடம் சொல்லிய பிறகே எழுதினேன். பிளானிங்கில் இடம் இல்லை என்றால் அந்த வரியையே சேர்த்திருக்க மாட்டேன். செய்ய முடியாத பதிலுதவியை நன்றியோடு சேர்ப்பதைவிட வெறும் நன்றியே மேல்.

இந்தச் செய்தியை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. குழுவில் போட்டிருந்தால் அக்காவின் ஆர்டர் தாமதம் எல்லோருக்கும் அறிவிப்பாகியிருக்கும். அதைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது, அது ஜி.எம்.முக்கு எழுதும் கடிதம்.

ஜி.எம்.முக்கு மறுநாள் மாலை, முடிவு வந்த பிறகு மெயில் அனுப்பினேன். பையருக்கு எழுதுவதெல்லாம் ஆங்கிலம், எங்களுக்குள் தமிழ்தான். அக்காவுக்குச் சொன்னதற்கு இங்கே எல்லாம் நேர்மாறு. அவர் ஒரு முடிவு எடுத்தார், செலவுக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த முடிவு எங்கே போய் முடிந்தது என்று தெரிந்தால்தான் அவருக்கு அந்த விஷயம் முடியும். முடிவு தெரியாமல் முதல் நாள் இரவே நன்றி சொல்லியிருந்தால் அது அரைகுறைத் தகவலாகவே போயிருக்கும்.

முதல் வரைவில் “நீங்கள் எடுத்தது மிகச் சரியான முடிவு சார்” என்று ஒரு வரி இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது உறுத்தியது. அவர் முடிவுக்கு நான் மதிப்பெண் போடுகிறேன். தம்பிக்கு இதே வாக்கியத்தை எழுதினால் பாராட்டு. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு எழுதினால், அதைச் சொல்ல நீ யார் என்று அவர் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அங்கே நிற்கும். சரி, தவறு என்று சொல்வதற்குப் பதில் அந்த முடிவால் என்ன நடந்தது என்று சொன்னால் போதும். தீர்ப்பை அவரே எழுதிக்கொள்வார்.

இதற்கு நேர் எதிரான குழி ஒன்றும் உண்டு. “தங்கள் மேலான வழிகாட்டுதலும் பேராதரவும்” என்று நம் அலுவலகக் கடிதங்களில் வழிவழியாக ஓடுகிற ஒரு நடை. அதைப் பார்த்தவுடன் மேலதிகாரிகள் கடைசிப் பத்திக்குத் தாவுவார்கள், என்ன கேட்கப் போகிறார் என்று பார்க்க. அப்படித் தாவுவதற்குக் காரணமும் இருக்கிறது, பலர் அங்கே எதையாவது கேட்டுத்தான் வைத்திருப்பார்கள். எனக்கும் அன்று கேட்க ஒன்று இருந்தது. பேக்கிங் மேசைக்கு ஒரு செக்கர் கூடுதலாக வேண்டும். சம்பவம் சூடாக இருந்தது, கேட்டால் கிடைக்கவும் கூடும். ஆனாலும் அந்த மெயிலில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் மேலே எழுதிய நன்றி முழுவதும் அந்த ஒரு வரிக்கு முன்னுரையாகியிருக்கும்.

கடிதம் இப்படிப் போனது:

“சார், வணக்கம். நீல நிறம் 60 பெட்டிகளையும் பிரித்து அடுக்க நேற்று மாலை அனுமதி தந்தீர்கள். இரவு 10 மணிக்குள் வேலை முடிந்தது. இன்று இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுத்த 20 பெட்டிகளில் மூன்று அந்த அறுபதிலிருந்து வந்தவை. மூன்றிலும் அளவுகள் சரியாக இருந்தன. இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்.

ஓவர்டைம் 12 பேர், ஆளுக்கு நான்கு மணி நேரம். புதுப் பெட்டிகள் 60. நீங்கள் அனுமதித்ததற்கு மேல் செலவு இல்லை.

தவறை முதலில் கண்டுபிடித்தவர் நம் டிரெயினி. மேசையும் ஆட்களும் தந்தவர் பக்கத்துப் பிரிவு மெர்ச்சண்டைசர். அவருடைய ஆர்டர் ஒரு நாள் தள்ளியது எங்கள் ஆர்டருக்காகத்தான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முழுவதையும் பிரிக்கச் சொன்னதால் இன்று இன்ஸ்பெக்டர் எந்தப் பெட்டியைக் கேட்டாலும் தயங்காமல் எடுத்துக் கொடுக்க முடிந்தது. நன்றி சார்.”

அசல் மெயிலில் டிரெயினி, மெர்ச்சண்டைசர் இருவரின் பெயரும் இருந்தது.

நன்றி என்ற சொல் ஒரே ஒரு முறை, கடைசியில். மற்றவை பெரும்பாலும் தகவல். மேலே போகும் நன்றியில் தகவல் அதிகமாகவும் உணர்ச்சி குறைவாகவும் இருந்தால் அதை நம்புகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஓவர்டைம் கணக்கை நன்றிக் கடிதத்தில் சேர்ப்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் இரட்டைக் கூலிக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். சொன்ன அளவுக்குள் முடிந்தது என்று தெரிவிப்பது அவருக்கு நான் காட்டும் மரியாதை. அடுத்த முறை நான் போய் நிற்கும்போது அவர் நினைவில் இருக்கப்போவது அந்த எண்தான்.

மூன்றாவது பத்திதான் இந்தக் கடிதத்தின் நெஞ்சு என்று நான் சொல்வேன். அக்காவின் ஆர்டர் தள்ளியதை அங்கே எழுதாமல் விட்டிருந்தால், வாரக் கடைசி மீட்டிங்கில் தாமதப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் நிற்கும்; காரணம் நிற்காது. நேரில் அக்காவுக்கு எவ்வளவு உருகி நன்றி சொன்னாலும், இந்த ஒரு வாக்கியம் மேலே போகாவிட்டால் அவருக்கு நட்டம்தான். எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொண்டேன். “எழுது, ஆனால் நீ கேட்டதும் நான் தந்தேன் என்று மட்டும் எழுது, பையர் ஆபீஸில் நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் வேண்டாம்” என்றார். அவர் அங்கே என்ன சொன்னாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. மற்றவர் செய்த உதவியை மூன்றாமவரிடம் சொல்லும்போது இப்படி ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. உதவியவர் சில நேரம் விதியைக் கொஞ்சம் வளைத்துத்தான் உதவியிருப்பார். நாம் நன்றி என்று நினைத்து எழுதுவது அவருக்கு விளக்கம் கேட்டு மெமோவாகத் திரும்பி வரும்.

ஜி.எம். ஒரு வரியில் பதில் போட்டார்: “நல்லது. டிரெயினி பெயரை எச்.ஆர்.க்கும் அனுப்புங்கள்.”

தம்பிக்கு எழுதியதுதான் மூன்றிலும் கடினம். கீழே போகும் நன்றி மிக எளிதாகச் சான்றிதழாக மாறிவிடுகிறது, அல்லது உத்தரவாக. “நல்ல வேலை தம்பி, இதே போல் தொடர்ந்து கடினமாக உழைக்க வேண்டும்” என்று என் சீனியர்கள் எனக்கு எழுதியதெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வாக்கியத்தின் முதல் பாதி நன்றி, இரண்டாம் பாதி வேலை ஏவல். அவன் கடினமாக உழைத்ததால் அந்தத் தவறைக் கண்டுபிடிக்கவில்லை. சும்மா நடந்துபோகும்போது ரேக்கைப் பார்த்தான், நின்றான், எண்ணினான். ‘உழைப்பு’ என்று பாராட்டினால் அவன் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆபீஸில் உட்காருவான். ரேக்கைப் பார்க்க மாட்டான். பாராட்டிய காரியம்தான் மறுபடி நடக்கும், ஆகவே எதைப் பாராட்டுகிறோம் என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

“நீ இல்லாவிட்டால் கம்பெனி பெயரே போயிருக்கும்” என்றும் எழுதத் தோன்றியது. அது உண்மையில்லை. பெரிய அளவு மொத்தம் 600தான் இருந்தது. பெட்டிக்கு எட்டு வீதம் போனால் 75ஆவது பெட்டியோடு தீர்ந்துவிடும். அப்போது பேக்கிங் ஆட்களே நிறுத்தியிருப்பார்கள். அவனால் மிச்சமானது பதினைந்து பெட்டிகளும் அந்த மதிய நேரமும். அந்த மதிய நேரம் இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்குள் முடித்திருக்க முடியாது. அதைச் சொன்னாலே போதுமான அளவு பெரிது. ஊதிச் சொன்னால் அவனுக்கே தெரியும், பக்கத்தில் இருப்பவர்களும் ஒரு வாரத்துக்குக் ‘கம்பெனியைக் காப்பாற்றினவரே’ என்று கேலி செய்வார்கள்.

அவனுக்கு இரண்டாக எழுதினேன். தனியே அனுப்பியது:

“தம்பி, நேற்று நீ செய்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது எது என்று சொல்கிறேன். ரேக் காலியாக இருப்பதைப் பார்த்ததும் சந்தேகத்தோடு ஓடி வராமல், நின்று எண்ணினாய். 120 இருக்கிறது, 360 வேண்டும் என்று தாளில் எழுதிக் கொண்டுவந்தாய். அந்தத் தாள் இருந்ததால் யாரோடும் வாதாடாமல் வேலையை உடனே நிறுத்த முடிந்தது, ஜி.எம்.மிடமும் அதையே காட்டினேன். மதியமே தெரிந்ததால்தான் இரவுக்குள் முடித்தோம். நன்றி.”

குழுவில் போட்டது:

“நீல நிறம் பேக்கிங்கில் பெரிய அளவு வேகமாகக் குறைவதைக் கவனித்து, மீதியை எண்ணி, பழைய பேக்கிங் லிஸ்ட் மேசையில் இருப்பதைக் கண்டுபிடித்தவர் நம் டிரெயினி. மாலைக்குள் எல்லாவற்றையும் திருப்பி அடுக்கும் வேலையைத் தொடங்கி, இரவு 10 மணிக்குள் முடித்துக்கொடுத்தவர்கள் பேக்கிங் சூப்பர்வைசரும் அவர் குழுவும். இரு தரப்புக்கும் நன்றி.”

இதிலும் அசலில் ஆர்டர் எண், தேதி, அவன் பெயர் மூன்றும் உண்டு. தனியே எழுதியபோது ‘நீ’, ‘எண்ணினாய்’. நேரில் அப்படித்தான் பேசுகிறேன். திடீரென்று ‘நீங்கள்’ என்றால் அவன் பயந்துவிடுவான். குழுவில் ‘கண்டுபிடித்தவர்’. அங்கே முப்பது பேர் படிக்கிறார்கள், அவனைவிட இருபது வயது மூத்தவர்களும் இருக்கிறார்கள். நான் அவனை ‘கண்டுபிடித்தான்’ என்று எழுதினால், நன்றிக்குள்ளேயே அவனை ஒரு படி இறக்கி வைத்ததாகிவிடும்.

சூப்பர்வைசர் விஷயத்தில் கவனமாக இருந்தேன். ஒருவருடைய கண்டுபிடிப்பைப் பாராட்டும்போது இன்னொருவருடைய தவறு தானாகவே மேடையேறிவிடுகிறது. ‘பழைய லிஸ்ட்டை வைத்து அடுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்’ என்று எழுதினால் அடுக்கியவர் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘மேசையில் இருப்பதை’ என்று எழுதினால் குற்றம் தாளின் மேல் நிற்கிறது. இது பூசி மெழுகுவதாகச் சிலர் சொல்லலாம். விசாரணைக்கு வேறு இடம் இருந்தது, அங்கே பூசவில்லை. மறுநாளும் அதே சூப்பர்வைசரிடம்தான் தம்பி போய் நிற்க வேண்டும்.

அவனிடம் சொல்ல ஒரு குறையும் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேராக மேலே வந்துவிட்டான், சூப்பர்வைசரிடம் காட்டவில்லை. தன் மேசையில் நடந்தது மாடியில் முதலில் தெரிந்ததில் அவருக்கு வருத்தம். அதை நன்றியோடு சேர்த்து, ‘ஆனால் அடுத்த முறை’ என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். அவன் அந்த வரியை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பான். சில நாட்கள் விட்டு, வேறு வேலையாகக் கீழே போனபோது நேரில் சொன்னேன். கேட்டுக்கொண்டான். அதை நான் எங்கும் எழுதவில்லை.

பன்னிரண்டு பேருக்கு என்ன எழுதினேன் என்று யாராவது கேட்கலாம். எதுவும் எழுதவில்லை. இரவு வேலைக்கு நடுவில் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, முடிந்ததும் நேரில் நின்று சொன்னேன். சனிக்கிழமை வாரச் சம்பளத்தில் அந்த ஓவர்டைம் விடுபடாமல் ஏறியிருக்கிறதா என்று அக்கவுண்ட்ஸில் போய்ப் பார்த்தேன். ஒருவருக்கு ஒரு மணி நேரம் குறைந்திருந்தது, சரிசெய்யச் சொன்னேன்.

எல்லா இடத்திலும் இதே கணக்கு சரிவராது. எங்கள் முதலாளியின் மகன் என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் மேலதிகாரி. அவருக்கு எழுதும்போதும் ‘சார்’தான், தகவல்தான், வயதைக் காட்டி ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்று எழுத முடியாது. போட்டியாக நினைக்கும் சக ஊழியருக்கு எழுதும்போது ‘செவ்வாய்க்கிழமை’ போன்ற பதிலுதவியைத் தவிர்ப்பேன், அது வியாபாரமாகப் படும். அவர் செய்ததை மேலே எழுதுவதோடு நிறுத்துவேன். யாருக்கு எழுதினாலும் அனுப்பும் முன் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பெயரையும் அழைப்பையும் மறைத்துவிட்டுப் படிப்பேன். அது யாருக்கு எழுதியது என்று பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிந்தால் அனுப்புவேன். மூன்றில் எதற்கு வேண்டுமானாலும் பொருந்துகிறது என்றால் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

செக்கர் வேண்டும் என்ற கோரிக்கையைத் தனி மெயிலாக அடுத்த வாரம் அனுப்பினேன். ஆள் தரவில்லை. பழைய பேக்கிங் லிஸ்ட்டை மெர்ச்சண்டைசரே கையால் வாங்கிக் கிழித்த பிறகுதான் புதியது மேசைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. தம்பி, குழுவில் போட்ட செய்தியை அப்ரைசல் படிவத்தோடு இணைக்கலாமா என்று கேட்டான். எண்ணும் தேதியும் இருந்ததால் எச்.ஆர். அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. செவ்வாய்க்கிழமை அக்காவின் ஆட்கள் எங்கள் மேசைக்கு வந்தார்கள். சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு செய்தி: “உன் டேப் ரோல் இரண்டு தீர்ந்துபோய்விட்டது. நாளை வாங்கி வைத்துவிடுகிறேன். கணக்கில் எழுதாதே.”